பொறுப்புக் காலம் முடிந்தும் வராத பிடித்தத் தொகை: கோத்தகிரிச் சரிவில் ஒரு தடுப்புச் சுவர்ப் பணி

ஒப்பந்தப் பணிகளில் செய்த வேலைக்குப் பணம் தரும் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, அதில் பாதியை இறுதிப் பட்டியலோடும் மீதியைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பின்னரும் விடுவிப்பது வழக்கம். இந்த இரண்டாவது பாதியைப் பெறுவதில்தான் சிறு ஒப்பந்ததாரர்கள் அதிகமாகத் திணறுகிறார்கள். பணி முடிந்து, ஆட்கள் கலைந்து, பொறியாளர் இடமாறிப் போன பிறகு எழுதப்படும் கோரிக்கை அது என்பதால், கோப்பில் எழுத்தாக இருப்பது மட்டுமே அதற்குத் துணை நிற்கும். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துச் சரிவொன்றில் நடந்த பணியில் இப்படிச் சிக்கிய ஒரு தொகை எவ்வாறு விடுவிக்கப்பட்டது என்பதை இங்கே விவரிக்கிறேன். பணிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒப்பந்ததாரர் என்னிடம் கோப்பைக் கொண்டுவந்தார். ஒப்பந்ததாரரையும் அலுவலகத்தையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பணி இதுதான். மலைச்சாலையின் மேற்புறத்தில் 42 மீட்டர் நீளத்துக்கும் 3.5 மீட்டர் உயரத்துக்கும் சிமெண்ட் கலவையில் கருங்கல் தடுப்புச் சுவர், அதன் அடியோரமாக மூடு பலகைகளுடன் கூடிய வடிகால், கூடவே சிறிது தூரம் கான்கிரீட் சாலை. செய்து முடித்த வேலையின் மதிப்பு 38,40,000 ரூபாய். பட்டியல்களிலிருந்து 5 விழுக்காடு, அதாவது 1,92,000 ரூபாய், பிடிக்கப்பட்டது. இறுதிப் பட்டியலோடு அதில் பாதி வந்துவிட்டது. எஞ்சிய 96,000 ரூபாய் நின்றுபோயிற்று. பெரிய நிறுவனத்துக்கு இது சிறிய தொகையாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட பணியில் ஒப்பந்ததாரருக்குக் கடைசியில் மிஞ்சும் இலாபத்தில் பெரும்பகுதி இந்தப் பிடித்தத்துக்குள்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் நிபந்தனை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. பணி நிறைவுச் சான்றில் குறிக்கப்படும் நிறைவு நாளிலிருந்து 12 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கப்படும் குறைபாடுகளை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். காலம் முடிந்து, அவ்வாறு தெரிவிக்கப்பட்டவை சரிசெய்யப்பட்டிருந்தால், பிடித்தத்தின் மீதி விடுவிக்கப்படும். தொகை கிடைப்பதற்கு, காலம் முடிவதும் தெரிவித்த குறைகள் தீர்வதும் ஆகிய இரண்டும் நிறைவேற வேண்டும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நாட்காட்டி ஒன்றை மட்டும் காட்டிப் பணம் கேட்க இந்த நிபந்தனையில் இடமில்லை.

ஒப்பந்ததாரர் முதலில் 2022 ஏப்ரலில் ஒரு கடிதம் கொடுத்தார். பொறுப்புக் காலம் முடிந்துவிட்டது, எல்லாக் குறைகளும் சரிசெய்யப்பட்டுவிட்டன, எனவே பிடித்தத் தொகையை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று சில வரிகள். இணைப்பு எதுவும் இல்லை. காலம் என்று தொடங்கியது, என்று முடிந்தது, எந்தச் சான்றின்படி என்ற விவரமும் இல்லை. அக்கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நினைவூட்டல்கள் கொடுத்தார், அவற்றுக்கும் பதில் இல்லை. 2022 நவம்பர் 14 ஆம் நாளிட்டுக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. தடுப்புச் சுவர் நடுப்பகுதியில் முன்தள்ளியிருக்கிறது, அதைப் பிரித்துக் கட்டித் தர வேண்டும், அதுவரை தொகையை விடுவிக்க இயலாது என்று அதில் எழுதியிருந்தது. பொறுப்புக் காலம் இறுதிப் பட்டியல் வழங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதால் இன்னும் முடியவில்லை என்றும் ஒரு வரி இருந்தது.

ஆகவே முதல் கேள்வி நாள் பற்றியது. கோப்பில் நான்கு நாட்கள் இருந்தன. பணி முடிந்துவிட்டதாக ஒப்பந்ததாரர் கடிதம் கொடுத்தது 2021 பிப்ரவரி 26. உதவிப் பொறியாளர் நேரில் பார்த்து அளவுப் புத்தகத்தில் இறுதி அளவைப் பதிந்தது 2021 மார்ச் 5. பணி நிறைவுச் சான்று கையெழுத்தானது ஜூன் 18. இறுதிப் பட்டியல் பணம் வந்தது டிசம்பர் 20. மார்ச்சிலேயே முடிந்த வேலைக்கு டிசம்பரில்தான் பட்டியல் தீர்ந்தது என்பதால், எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொறுப்புக் காலத்தின் முடிவு ஒன்பது மாதங்களுக்கு மேல் தள்ளிப்போகும்.

நிபந்தனையைத் திரும்பப் படித்தால் இதில் ஐயத்துக்கு இடமில்லை. "நிறைவுச் சான்றில் குறிக்கப்படும் நிறைவு நாள்" என்றுதான் அது சொல்கிறது. சான்று வழங்கப்பட்ட நாளைச் சொல்லவில்லை, பட்டியல் தீர்ந்த நாளையும் சொல்லவில்லை. சான்று ஜூனில் கையெழுத்தானாலும் அதற்குள் "பணி நிறைவு நாள்: 5.3.2021" என்று எழுதப்பட்டிருந்தது. எனவே காலம் 2022 மார்ச் 4 ஆம் நாளோடு முடிந்தது. அலுவலகம் டிசம்பரைப் பிடித்துக்கொண்டதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பிடித்தங்களைக் காட்டும் வைப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே எழுதப்படுவது அது பிடிக்கப்பட்ட பட்டியலின் நாள். பதிவேட்டை மட்டும் பார்த்து எண்ணுகிற எழுத்தருக்கு அந்த நாள்தான் கண்ணில் படும். ஒப்பந்தமும் சான்றும் வேறு கோப்பில் இருக்கும். கோரிக்கைக் கடிதத்தோடு சான்றின் நகலையும் நிபந்தனைப் பக்கத்தின் நகலையும் இணைத்திருந்தால் இந்தக் குழப்பம் ஏப்ரலிலேயே தீர்ந்திருக்கும்.

எல்லா ஒப்பந்தங்களும் இப்படி எழுதப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் சான்று வழங்கிய நாளிலிருந்தும், சிலவற்றில் பணி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தும் காலம் ஓடும். காலத்தின் நீளமும் பணிக்குப் பணி மாறும். மலைப்பகுதியில் குறைந்தது ஒரு முழு மழைக்காலத்தையாவது பணி கடந்திருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பெரிது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளைச் சோதிப்பது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் இந்தச் சரிவுகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்குள்ள பொறியாளர் எவரும் மறக்கவில்லை. இந்தச் சுவரின் 12 மாதங்களுக்குள் 2021 இன் வடகிழக்குப் பருவம் முழுவதும் அடங்கியிருந்தது. தமிழகமெங்கும் கனமழை பெய்த அந்த நவம்பரில் சுவரைப் பற்றி எந்தப் புகாரும் எழவில்லை. ஒப்பந்ததாரர் பக்கத்துக்கு இது வலுவான செய்தி. அவருடைய முதல் கடிதத்தில் இது இல்லவே இல்லை.

அடுத்து, பொறுப்புக் காலத்துக்குள் என்ன தெரிவிக்கப்பட்டது என்று தேடினேன். 2021 நவம்பர் 10 ஆம் நாளிட்ட ஒரு கடிதம், புகைப்படங்களுடன், ஒப்பந்ததாரரிடமே இருந்தது. வடிகாலின் மூடு பலகைகள் மூன்று உடைந்திருப்பதாகவும், ஓரிடத்தில் 6 மீட்டர் நீளத்துக்கு வடிகாலின் உட்பூச்சு பெயர்ந்திருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. பலகைகளை டிசம்பரில் மாற்றிவிட்டதாக ஒப்பந்ததாரர் சொன்னார். கைப்பேசியில் படமும் வைத்திருந்தார். பூச்சைப் பற்றிக் கேட்டபோது, மழை நின்ற பிறகு செய்யலாம் என்று விட்டதாகவும் அதன்பின் மறந்துபோனதாகவும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு இந்தக் கோப்பின் சிக்கல் இந்த 6 மீட்டரில்தான் இருப்பதாகத் தோன்றியது. எல்லாக் குறைகளும் சரிசெய்யப்பட்டுவிட்டன என்று ஏப்ரல் கடிதம் சொன்னது; களத்துக்குப் போய்ப் பார்த்த உதவிப் பொறியாளருக்குப் பூச்சு பெயர்ந்தபடியே தெரிந்தது. ஒரு வரி உண்மையில்லை என்று கண்ட பிறகு மற்ற வரிகளையும் அவர் நம்பத் தயங்கியதில் வியப்பில்லை. மாற்றிய பலகைகளுக்கும் அலுவலகத்தின் ஒப்புதல் எழுத்தில் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற பூச்சு வேலை 96,000 ரூபாயைத் தடுத்து நிறுத்தியது. குறை சரிசெய்யப்பட்டதும் அதைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதித் தருமாறு அன்றே ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைப்பதை எந்த ஒப்பந்ததாரரும் தவிர்க்கக் கூடாது.

மூன்றாவது, சுவரைப் பற்றியது. இதுவே மிகப் பெரிய விவகாரமாக வளர்ந்திருக்கக்கூடியது. 2022 நவம்பர் 14 ஆம் நாள் கடிதம் பொறுப்புக் காலம் முடிந்து எட்டு மாதங்களுக்குப் பின் வந்தது. காலத்துக்குப் பின் தெரிவித்த குறைக்காகப் பிடித்தத்தை நிறுத்தி வைக்க நிபந்தனையில் இடமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னேன். பொறுப்புக் காலம் முடிவதால் ஒப்பந்ததாரரின் எல்லாப் பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை. திரும்ப வந்து சரிசெய்து தரும் கடமையும் அதற்காகப் பணம் பிடித்து வைக்கும் உரிமையும்தான் அந்தக் காலத்தோடு முடிகின்றன. விவரக்குறிப்புக்கு மாறாக, வெளியே தெரியாதபடி எதையாவது விட்டுவிட்டுக் கட்டியிருந்தால், அந்த ஒப்பந்த மீறலுக்காக இழப்பீடு கேட்கும் வழி அலுவலகத்துக்குத் திறந்தே இருக்கும். சுவருக்குப் பின்னால் வடிகட்டிக் கல் அடுக்கே இல்லாமல் மண்ணை மட்டும் கொட்டி மூடியிருந்தால், காலம் முடிந்துவிட்டது என்ற வாதம் 96,000 ரூபாயைப் பெற்றுத் தரலாம். அதைவிடப் பல மடங்கு கேட்கும் வழக்கைத் தடுக்காது. ஆகவே சுவர் ஏன் தள்ளியது என்பதற்கு விடை காண்பது ஒப்பந்ததாரருக்கும் நல்லது.

தடுப்புச் சுவரைப் பெரும்பாலும் தள்ளுவது நீர்தான். சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 3 டன் அழுத்தம் நீரால் மட்டுமே சேர்கிறது. இதைத் தவிர்க்கத்தான் சுவரில் வெளிப்புறம் சாய்வாக வீப் ஹோல் என்னும் நீர்க்கசிவுத் துளைகளைக் குழாய் வைத்து விடுகிறார்கள்; மண் வந்து துளையை அடைக்காமலிருக்கப் பின்னால் உடைகல் அடுக்கு வைக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் சுவரைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். துளைகளில் நீர் சொட்ட வேண்டும். துளைகள் வறண்டிருக்க, அவற்றுக்கு மேலுள்ள கல் இணைப்புகள் ஈரமாகிக் கறை படிந்திருந்தால், நீர் வழியின்றி உள்ளே நிற்கிறது என்று பொருள். கட்டு வேலையே பழுதாக இருந்தால் அறிகுறிகள் வேறாக இருக்கும். சுவரின் குறுக்கே ஓடிப் பிணைக்கும் கற்கள் போதிய அளவு இருக்காது, முகப்புக் கற்கள் பின்கட்டிலிருந்து தனியாகப் பிரிந்து வரும், இணைப்பைக் குத்தினால் கலவை உதிரும், உள்ளே வெற்றிடம் தட்டுப்படும்.

களத்துக்கு ஒப்பந்ததாரருடன் நானும் போனேன். முன்தள்ளல் சுமார் 5 மீட்டர் நீளத்தில் மட்டும் இருந்தது. அந்த நீளத்தில் கீழ்வரிசைத் துளைகள் கண்ணிலேயே படவில்லை. சாலையோரத்தில் பின்னாளில் உயர்த்திப் போடப்பட்ட கான்கிரீட் அவற்றை மூடியிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால், சுவரின் தலைப்பு மட்டத்துக்கும் மேலாக ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குப் புது மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். மேல்வீட்டின் கூரை நீர்க் குழாயும் அந்த மண்ணிலேயே விடப்பட்டிருந்தது. பாரமும் நீரும் சேர்ந்து, வெளியேற வழியும் அடைபட்டிருந்தது.

பார்த்தது போதாது, அதை நிறுவ வேண்டும். இங்கே அலுவலகத்தின் ஆவணங்களே உதவின. 2021 நவம்பர் கடிதத்தோடு அவர்கள் அனுப்பிய புகைப்படங்கள் வடிகாலைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை என்றாலும், பின்புலத்தில் சுவர் முழுமையாகத் தெரிந்தது. தலைப்புக்குக் கீழேதான் மண் மட்டம் இருந்தது. கீழ்வரிசைத் துளைகளும் திறந்திருந்தன. சாலையோரக் கான்கிரீட் எப்போது போடப்பட்டது என்பதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பணியின் அளவுப் புத்தகப் பக்கங்களைக் கேட்டு மனுச் செய்தோம். 30 நாட்களுக்குள் நகல் கிடைத்தது. வேறொரு ஒப்பந்ததாரர் மூலம் 2022 ஆகஸ்டில் அது போடப்பட்டிருந்தது. பொறுப்புக் காலம் முடிந்து ஐந்து மாதங்களுக்குப் பின், அதே அலுவலகத்தின் இன்னொரு பணி துளைகளை அடைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு புதிய கடிதம் எழுதினோம். குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் இல்லாமல், கோப்பைப் பார்க்கும் அதிகாரி அப்படியே குறிப்பெழுதிக் கையெழுத்திடும் வகையில் அது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெயர், எண்களை நீக்கிவிட்டு அதன் வாசகத்தைத் தருகிறேன்.

"பொருள்: தடுப்புச் சுவர் மற்றும் வடிகால் பணி – குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 4.3.2022 அன்று நிறைவுற்றது – பிடித்தத்தின் மீதித் தொகை ரூ.96,000 விடுவிக்கக் கோருதல் – கூட்டு ஆய்வுக்கு நாள் குறிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஒப்பந்த உடன்படிக்கை, பிடித்தம் பற்றிய நிபந்தனை. 2. பணி நிறைவுச் சான்று, நாள் 18.6.2021. 3. தங்கள் கடிதம், நாள் 10.11.2021. 4. தங்கள் கடிதம், நாள் 14.11.2022.

ஐயா,

பார்வை 2 இல் கண்ட சான்றில் பணி நிறைவு நாள் 5.3.2021 என்று குறிக்கப்பட்டுள்ளது. பார்வை 1 இன் நிபந்தனைப்படி அந்நாளிலிருந்து 12 மாதங்கள் 4.3.2022 அன்று நிறைவுற்றன. இவ்விரு ஆவணங்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.

பொறுப்புக் காலத்துக்குள் பார்வை 3 இன் மூலம் இரண்டு குறைகள் தெரிவிக்கப்பட்டன. மூடு பலகைகள் மூன்றும் 2021 டிசம்பரில் மாற்றப்பட்டன, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. வடிகால் உட்பூச்சு 6 மீட்டர் அளவுக்கு இன்னும் சரிசெய்யப்படவில்லை. என் முந்தைய கடிதத்தில் இது முடிந்துவிட்டதாகக் குறிப்பிட்டது சரியன்று. இக்கடிதம் பெற்ற 15 நாட்களுக்குள் அப்பணியை முடித்துத் தருகிறேன்.

பார்வை 4 இல் கண்ட சுவரின் முன்தள்ளல் பொறுப்புக் காலம் முடிந்த பின் தெரிவிக்கப்பட்டது. எனினும் அதன் காரணத்தைக் கண்டறியத் தங்கள் அலுவலர் முன்னிலையில் கூட்டு ஆய்வு செய்யவும், தேவையெனில் சுவரின் பின்புறம் சோதனைக் குழி தோண்டிக் காட்டவும் உடன்படுகிறேன். பார்வை 3 உடன் பெறப்பட்ட புகைப்படங்களும் சாலையோரக் கான்கிரீட் பணியின் அளவுப் புத்தக நகலும் தங்கள் பார்வைக்கு இணைக்கப்பட்டுள்ளன.

உட்பூச்சுப் பணி முடிந்ததைப் பார்வையிட்டுப் பதிவு செய்து, பிடித்தத்தின் மீதித் தொகையை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சரியன்று என்று எழுத ஒப்பந்ததாரர் முதலில் தயங்கினார். அந்த வரியை எடுத்துவிட்டால் கடிதத்தின் மற்ற பகுதிகளுக்கு மதிப்பிருக்காது என்று நான் வற்புறுத்தினேன். கடிதம் 2023 பிப்ரவரி 6 அன்று நேரில் கொடுக்கப்பட்டு, நகலில் முத்திரை பெறப்பட்டது. பூச்சை அந்த மாதத்துக்குள்ளேயே முடித்தார். பெயர்ந்த இடத்தின் மேலேயே பூசிவிடாமல், தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, பரப்பைக் கழுவி, புதிதாகப் பூசி, ஒரு வாரம் நீராற்றினார். அவசரமாக மேற்பூச்சு மட்டும் கொடுத்திருந்தால் அடுத்த மழையில் அதே இடம் மீண்டும் பெயர்ந்திருக்கும்.

கூட்டு ஆய்வு மார்ச்சில் நடந்தது. புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர் இந்தப் பணியை முன்பு பார்த்தவரல்லர். கவனமாக எல்லாவற்றையும் அளந்தார். துளைகள் அடைபட்டதை ஏற்றுக்கொண்டாலும், உள்ளே கல் அடுக்கு இருந்ததா என்பது தமக்குத் தெரியாது என்றார். "சார், தோண்டியே பார்த்துடலாம். கல்லு இல்லேன்னா அந்த இடத்தை நானே பிரிச்சுக் கட்டித் தர்றேன்," என்றார் ஒப்பந்ததாரர். முன்தள்ளிய பகுதிக்குச் சற்றுத் தள்ளி, சுவருக்கு ஆபத்து நேராத இடத்தில், குழி தோண்டப்பட்டது. மேலே புது மண். அதற்குக் கீழே சுவரை ஒட்டி ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் அகலத்துக்கு உடைகல். அகலம் விவரக்குறிப்போடு பொருந்தியது. மேல்வரிசைத் துளைகளுள் ஒன்றுக்கு எதிரே ஒரு வாளி நீரை ஊற்றியதும் அது வெளியே வந்தது. பணியின் தரம் பற்றிய ஐயம் அத்தோடு நீங்கியது.

ஆய்வுக் குறிப்பை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். வடிகால் பூச்சு சரிசெய்யப்பட்டது, மூடு பலகைகள் சரியாக உள்ளன, முன்தள்ளல் பின்னாளில் ஏற்றிய மண்ணாலும் கீழ்த்துளைகள் மூடப்பட்டதாலும் நேர்ந்தது, ஒப்பந்ததாரரின் வேலைக் குறைபாடு காணப்படவில்லை என்பவை அதன் சாரம். சாலையோரக் கான்கிரீட்டில் துளை வாய்களை வெட்டித் திறக்கவும் மேல்வீட்டுக்காரருக்கு மண்ணை அகற்றுமாறு எழுதவும் உதவிப் பொறியாளர் தனியே பரிந்துரைத்தார். இந்தக் குறிப்பு இல்லாமல் தொகை மட்டும் வந்திருந்தாலும் எனக்கு நிறைவு ஏற்பட்டிருக்காது; நாளை சுவர் விழுந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அது ஒரு பதிலாக இருக்கும்.

தொகைக்கான கோப்பு மேலே போனபோது இன்னொரு சிறு தடங்கல் வந்தது. விடுவிக்கும் 96,000 ரூபாயிலிருந்து வருமான வரியாக 1 விழுக்காடும் தொழிலாளர் நல வரியாக 1 விழுக்காடும் கழிக்குமாறு வரைவு ஆணையில் எழுதியிருந்தார்கள். மொத்தம் 1,920 ரூபாய். பிடித்தம் என்பது புதிய வருவாய் இல்லை. ஏற்கெனவே பட்டியலிடப்பட்ட தொகையின் ஒரு பகுதி. பட்டியல் வழங்கியபோது இரண்டு கழிவுகளும் மொத்தத் தொகையான 38,40,000 ரூபாயின் மீதே கணக்கிடப்பட்டிருந்தன. வருமான வரித் துறையின் 26AS படிவத்தை எடுத்துப் பார்த்ததில் 38,400 ரூபாய் முழுதும் ஒப்பந்ததாரரின் பெயரில் வரவாகியிருந்தது. பட்டியல் நகலையும் அந்தப் படிவத்தையும் காட்டியதும் கணக்கர் ஏற்றுக்கொண்டார். பிடித்தம் கழித்த நிகரத் தொகையின் மீது மட்டும் முன்பு வரி பிடிக்கப்பட்டிருந்தால் நிலை மாறியிருக்கும். எனவே கேட்பதற்கு முன் பழைய பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். பொருள், சேவை வரிக்கும் முழு மதிப்புக்கே முன்பு விலைப்பட்டியல் கொடுத்திருந்ததால் புதிதாக ஒன்று தேவைப்படவில்லை. வருவாய் முத்திரை ஒட்டிய ரசீது மட்டும் கொடுத்தார்.

வட்டி கேட்கலாமா என்று ஒப்பந்ததாரர் என்னைக் கேட்டார். கேட்க வேண்டாம் என்றேன். எழுத்து மூலம் வட்டி கோரி அறிவிப்புக் கொடுத்திருந்தால், அந்த நாளிலிருந்து வட்டி வழங்க நீதிமன்றத்துக்கு 1978 இன் வட்டிச் சட்டம் இடம் தருகிறது. அவருடைய கடிதங்கள் எதிலும் அத்தகைய கோரிக்கை இல்லை. அதைவிட முக்கியமாக, நிபந்தனையின் இரண்டாம் பகுதியை அவர் நிறைவேற்றியது 2023 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய தாமதத்துக்கு அலுவலகத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

ஆனால் காலக்கெடுவைப் பற்றி அவர் கவலைப்பட்டது சரியே. இத்தகைய தொகைக்கு வழக்குத் தொடர 1963 இன் காலவரையறைச் சட்டத்தின்படி பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் உண்டு. தொகை தர வேண்டிய நிலை ஏற்பட்ட நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். பாதுகாப்பான கணக்குக்கு 2022 மார்ச் 5 ஐயே தொடக்கமாகக் கொண்டு, 2025 மார்ச் தொடக்கத்தை எல்லையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒப்பந்ததாரர் எத்தனை நினைவூட்டல் எழுதினாலும் இந்தக் காலம் நீளாது. கெடு முடிவதற்குள் எதிர்த்தரப்பு தொகை தர வேண்டியிருப்பதை எழுத்தில் ஏற்றுக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணலாம். பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் எழுதிய பதில் அப்படிப்பட்ட ஏற்பாகுமா என்பது அதன் வாசகத்தைப் பொறுத்தது. அதை நம்பிக் காத்திருப்பது நல்லதன்று. அரசின் மீது வழக்கென்றால் அதற்கு முன் இரண்டு மாத அறிவிப்பும் கொடுக்க வேண்டியிருப்பதால், கெடுவின் கடைசி மாதங்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. சிறு ஒப்பந்ததாரர்களுள் பலர் இந்த மூன்று ஆண்டுகளை வாய்மொழி உறுதிகளிலேயே கழித்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். மிகவும் வருத்தமளிப்பது அது.

தொகை 2023 ஜூனில் முழுமையாக, 96,000 ரூபாயும், வங்கிக் கணக்கில் சேர்ந்தது. ரசீதில் "இந்த ஒப்பந்தம் தொடர்பாக வேறெந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். கூடுதல் வேலைக்கோ விலை ஏற்றத்துக்கோ நிலுவை வைத்திருப்பவர்கள் அந்த வரியின் கீழ் யோசிக்காமல் கையெழுத்திடக் கூடாது. பிடித்தத் தொகையை மட்டும் பெற்றுக்கொண்டதாகத் திருத்தி எழுதிக் கேட்க வேண்டும். இவருக்கு வேறு நிலுவை எதுவும் இல்லை. இறுதிப் பட்டியலின் நகலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். வைப்புப் பதிவேட்டில் அந்தத் தொகைக்கு எதிரே கழிவுப் பதிவு எழுதப்பட்டதை நேரில் பார்த்து, பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு வந்தார்.